ஐகே கொடுத்தும் பாதம் வழுக்குகிறது: பிழை ரிக்கிலா, அசைவிலா?

நிழலன்: பிளெண்டரில் இருகால் பாத்திரம் ஒன்றுக்கு ஐகே கால்களை அமைத்து, நின்ற இடத்திலேயே நடக்கும் 24 ஃப்ரேம் சுழற்சியைச் செய்துவிட்டு, ரூட் எலும்பை முன்னே நகர்த்துகிறேன். ஊன்றிய பாதம் தரையில் வழுக்குகிறது. குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேமில் பாதம் தன் கட்டுப்பாட்டு எலும்பை விட்டு விலகியும் நிற்கிறது. எதைத் திருத்த வேண்டும்?

செங்கதிர்: பாதக் கட்டுப்பாட்டு எலும்பு இடுப்பெலும்பின் பிள்ளையாக இருக்கிறது என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாது. கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பில் ஐகே கொடுத்து, `Chain Length` மதிப்பை 2 என வைத்து, பாதக் கட்டுப்பாட்டை இடுப்பிலிருந்து பிரித்துவிட்டால் வழுக்கல் நின்றுவிடும்.

பரிதி: அதைச் சோதிக்க ஒரு நொடி போதும். இடுப்பைப் பிடித்துக் கீழே இறக்கிப் பாருங்கள். பாதங்களும் கூடவே இறங்கினால் செங்கதிர் சொல்வது சரி. பாதங்கள் அசையாமல் முழங்கால் மட்டும் மடங்கினால் உங்கள் ரிக்கின் படிநிலையில் பிழை இல்லை, வளைவுகளைத்தான் பார்க்க வேண்டும்.

பாதக் கட்டுப்பாடு ரூட்டின் பிள்ளை என்பதால், ரூட் முன்னே போகும் அதே வேகத்தில் ஊன்றிய பாதம் பின்னே வந்தாக வேண்டும். பாதம் இடுப்புக்கு 35 செ.மீ. முன்னே ஊன்றி, 12 ஃப்ரேம் கழித்து 35 செ.மீ. பின்னே இருக்கிறது என்று கொள்வோம். 12 ஃப்ரேமில் 70 செ.மீ. என்றால், 24 ஃப்ரேம் சுழற்சியில் ரூட் 140 செ.மீ. நகர வேண்டும். வழுக்கல் ஒரே திசையில் தொடர்ந்தால் இந்தக் கணக்குத் தவறியிருக்கிறது. தொடக்கத்திலும் முடிவிலும் முன்னேயும் நடுவில் பின்னேயும் வழுக்கினால், பிளெண்டர் தானாகக் கொடுக்கும் பெசியர் வளைவு பாதத்தை மெல்லத் தொடங்கி மெல்ல நிறுத்துகிறது என்று பொருள். ஊன்றிய பகுதியின் கீஃப்ரேம்களையும் ரூட்டின் கீஃப்ரேம்களையும் `Linear` ஆக்குங்கள். குதிகாலைத் தூக்குவதற்குத் தனி எலும்பு இருந்தால்தான் இந்த நேர்கோடு கெடாது.

ஓவியா: என் விளையாட்டிலும் இதே தொல்லைதான். தரையை நோக்கிக் கதிர் செலுத்தி, பாதத்தை அந்த உயரத்தில் ஐகே மூலம் வைத்த பிறகும் வழுக்கல் போகவில்லை. பாத்திரம் நொடிக்கு 2 மீட்டர் போகிறது; நடைச் சுழற்சியின் அளவு பரிதி சொன்னதேதான், நொடிக்கு 24 ஃப்ரேம்.

பரிதி: நீங்கள் செய்திருப்பது மேடுபள்ளத்துக்கான மருந்து. உங்கள் சுழற்சி நொடிக்கு 1.4 மீட்டர்தான் நடக்கிறது, எஞ்சிய 0.6 மீட்டர் முழுதும் வழுக்கலாகிறது. சுழற்சியை விரைவாக ஓட்டுங்கள், அல்லது பாத்திரத்தின் வேகத்தைக் குறையுங்கள்.

செங்கதிர்: இவ்வளவு கணக்கு எதற்கு? ரூட்டை அசைக்காமல், பாதம் ஊன்றும் ஃப்ரேமிலும் அது எழும் ஃப்ரேமிலும் ஒரே இடத்தைக் கீஃப்ரேமாக வைத்து, இடுப்பை முன்னே கொண்டுபோனால், வழுக்குவதற்கே இடமில்லையே.

பரிதி: நான்கைந்து அடி நடக்கும் ஒரு காட்சிக்கு உங்கள் வழியே நல்லது; நானும் அப்படித்தான் செய்வேன். அறுபது அடி நடக்க வேண்டும் என்றாலோ, நடையின் வேகத்தை இயக்குநர் மாற்றச் சொன்னாலோ, ஒவ்வோர் அடியையும் மீண்டும் கையால் வைக்க நேரும்.

இனி, பாதம் விலகும் சிக்கல். நிழலன், தொடையும் முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியும் சேர்ந்து எவ்வளவு நீளம்? கணுக்காலுக்கு மேல் இடுப்பு மூட்டு எவ்வளவு உயரம்?

நிழலன்: 85 செ.மீ. நீளம், இரண்டும் சம அளவு. உயரம் 80. வழுக்கல் முன்னும் பின்னுமாகத்தான் இருந்தது. `Linear` ஆக்கியதும் நின்றுவிட்டது.

பரிதி: 80 உயரமும் 35 முன்தள்ளலும் சேர்ந்தால் மூட்டிலிருந்து கணுக்காலுக்குத் தொலைவு 87 செ.மீ.க்கு மேல் வருகிறது, 85 செ.மீ. கால் அங்கே எட்டாது. அந்த ஃப்ரேமில் இடுப்பை 3 செ.மீ. இறக்கினால் தொலைவு 84.6 ஆகும், எட்டிவிடும், ஆனால் மயிரிழையில். கால் பாதி மடங்கியிருக்கும்போது தொலைவு 1 செ.மீ. மாறினால் முழங்கால் ஏறத்தாழ 2 பாகைதான் திரும்பும், முழுதாக நீளும் கடைசி 1 செ.மீ.யிலோ 17 பாகைக்கு மேல் திரும்பும். முழங்கால் வெடுக்கென்று சொடுக்குவது இதனால்தான். இன்னும் ஒரு செ.மீ. இறக்குங்கள்.

செங்கதிர்: இடுப்பை இறக்கினால் நடை பதுங்குவதுபோல் ஆகிவிடும். இரு எலும்புகளுக்கும் சிறிதளவு ஐகே நீட்சி கொடுத்தால் கால் எட்டிவிடும், உயரமும் குறையாது.

பரிதி: 2 செ.மீ. நீட்சி கண்ணுக்குத் தெரியாது என்பது உண்மை. ஆனால் அதைப் பல விளையாட்டு எஞ்சின்களுக்கு ஏற்றுமதி செய்யும்போது தொல்லை வரும். அதற்கு முன் இடுப்பைச் சற்றே திருப்பிப் பார்க்கலாம், முன்காலின் மூட்டும் கூடவே முன்னே வரும்.

நிழலன்: இடுப்பை 3 செ.மீ. இறக்கிச் சற்றே திருப்பினேன். விலகல் போய்விட்டது, இடக்காலில் மட்டும் ஒரு ஃப்ரேமில் சொடுக்கு மிச்சமிருக்கிறது.

செங்கதிர்: நீட்சியைப் போட்டுப் பாருங்கள் என்றுதான் இன்னும் சொல்வேன்.