இரவில் எடுத்த முகப்படம்: புள்ளிகள் போகணும், கண் மழுங்கக் கூடாது

எல்லோருக்கும் வணக்கம். புளியரைச் சோதனைச்சாவடி பக்கம் ஒரு டீக்கடையில், மழை விட்ட இரவில் நண்பனைப் போனில் எடுத்தேன். ஒரே ஒரு பல்புதான் வெளிச்சம். விவரத்தில் ஐஎஸ்ஓ 3200, ஷட்டர் 1/15 என்று காட்டுகிறது. ஜேபெக் மட்டும்தான் இருக்கிறது. ரா எடுக்கத் தோன்றவில்லை, என் தப்பு.

கன்னத்திலும் கறுப்புச் சட்டையிலும் பச்சையும் ரோஸுமாகப் புள்ளிகள். லைட்ரூமில் Color Noise Reduction 30 வைத்ததுமே அந்த நிறப்புள்ளிகள் போய்விட்டன, கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. தொல்லை மணல் தூவியது போன்ற மிச்சத்தில்தான். Noise Reduction 20 போதவில்லை. 45 வைத்தால் தோல் சரியாகிறது, ஆனால் இமைமுடி ஒட்டிப்போய் மை தீற்றின மாதிரி ஆகிவிடுகிறது.

கை ஆடியதோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். கருவிழியில் பல்பின் ஒளி கோடாக இழுபடாமல் புள்ளியாகவே நிற்கிறது. அதனால் கண்ணில் விவரம் இருக்கிறது என்று நம்புகிறேன்.

இரண்டு பிரதி எடுத்து, 45 வைத்ததை மேலே போட்டு, கண், இமை, புருவம் இருக்கும் இடத்தை மட்டும் மெல்லிய பிரஷால் அழித்தேன். கண் உயிரோடு இருக்கிறது, ஆனால் சுற்றிலும் மணல் வளையமாகத் தெரிகிறது. ஏதோ கண்ணாடி போட்டவன் மாதிரி!

இப்படிச் செய்தவர்கள் சொல்லுங்கள்: பிரஷின் ஓரத்தை இன்னும் பரப்பணுமா, இல்லை கண்ணிலும் 15 அளவுக்கு லேசாகக் குறைத்துவிட்டு வித்தியாசத்தைச் சுருக்கணுமா?