பேஸ் அலர்ட்: தமிழில் எப்படிச் சொல்வது?

தேவன், டர்பன்:
வணக்கம். எங்கள் ஓட்டக் குழுவில் முதல் மாரத்தான் ஓடப்போகிறவர்களுக்காகத் தமிழில் ஒரு பக்கக் கையேடு எழுதுகிறேன். ஓட்டக் கடிகாரத்தில் வரும் பேஸ் அலர்ட்டுக்கு ‘வேக எச்சரிக்கை’ என்றும், அதன் அமைப்புக்கு ‘கீழ் வரம்பு 6:10, மேல் வரம்பு 6:40’ என்றும் போட்டேன். படித்துப் பார்த்த அத்தை, “மேல் வரம்பைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கணும், அப்படித்தானே?” என்றார். கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 40 நொடியைத் தாண்டுகிறவர் ஏற்கெனவே மெதுவாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறார். வேறு சொல் இருக்கிறதா?

சரோஜா, பீட்டர்மாரிட்ஸ்பர்க்:
பேஸுக்குக் ‘கதி’ என்று வையுங்கள் தம்பி. இலங்கைப் பாடநூல்களில் உள்ள சொல்தான். எச்சரிக்கைக்குக் ‘கதிமணி’, சின்னதாக இருக்கும். வரம்பையும் நெருக்கமாக வைக்கச் சொல்லுங்கள். இலக்குக்கு இரு பக்கமும் ஐந்து நொடி போதும். அகலமாக விட்டால் ஆள் ஓடிவிடுவார்.

கோபால், சாட்ஸ்வொர்த்:
கடிகாரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை நேரம் சொல்வதற்கா இத்தனை பேச்சு? நான் காம்ரேட்ஸ் நெடுந்தூர ஓட்டத்தில் ‘பஸ்’ஸோடு, அதாவது ஒரே வேகத்தில் சேர்ந்து ஓடும் கூட்டத்தோடு, போகிறவன். அதை நடத்திச் செல்லும் டிரைவர் நட என்றால் நடப்பேன், ஓடு என்றால் ஓடுவேன். தனியாகக் கிளம்பிய வருஷம் முதல் மணி நேரம் பறந்தேன். பிற்பாடு பட்டது எனக்குத்தான் தெரியும்.

மூர்த்தி, ஜோகன்னஸ்பர்க்:
கோபால் அண்ணா, கிலோமீட்டர் முடிந்ததும் நேரம் சொல்வது வேறு. இது நாம் வரம்பை விட்டு விலகும்போது மட்டும் அதிரும். பஸ் இல்லாத ஓட்டத்தில் அந்த டிரைவர் வேலையைத்தான் இது பார்க்கிறது.

சரோஜா அக்கா, இலங்கையில் கதி என்றால் ஒரு நேரத்தில் கடக்கும் தூரம். அது கூடினால் வேகம் கூடியதாக அர்த்தம். பேஸ் அதற்குத் தலைகீழ், எண் கூடக்கூட ஆள் மெதுவாகிறார். எனவே பெயரை மாற்றினாலும் அத்தையின் கேள்வி அப்படியே நிற்கும். குழப்பம் ‘மேல், கீழ்’ என்பதில் இருக்கிறது. 6:10ஐ ‘விரைவு எல்லை’ என்றும் 6:40ஐ ‘மந்த எல்லை’ என்றும் எழுதிவிட்டால் எண் எந்தப் பக்கம் போனாலும் கவலை இல்லை.

ஐந்து நொடியும் சரிவராது. அந்த நொடியில் கடிகாரம் காட்டும் வேகம் ஜிபிஎஸ் கணக்கு. சீராக ஓடினாலும் பத்து, பதினைந்து நொடி ஆடும், உயரமான கட்டடங்களுக்கு நடுவே இன்னும் மோசம். ஓயாமல் அதிர்ந்தால் இரண்டாவது கிலோமீட்டரிலேயே அணைத்துவிடுவார்கள். கடிகாரம் அனுமதித்தால் நடப்புக் கிலோமீட்டரின் சராசரியைப் பார்த்து அதிரும்படி வையுங்கள். ஓட்டம் முழுவதற்குமான சராசரி வேண்டாம். கிளம்பும்போது நெரிசலில் இழந்த நேரத்தை ‘விரட்டிப் பிடி’ என்று அது துரத்தும். நாம் தவிர்க்க நினைப்பதே அந்தத் துரத்தலைத்தான்.

தேவன்:
மூர்த்தி அண்ணா, நாலரை மணி நேரத்தில் முடிக்க நினைப்பவருக்கு எப்படி வைக்கலாம்?

மூர்த்தி:
270 நிமிடத்தை 42.195ஆல் வகுத்தால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 6:24. முதல் ஐந்து கிலோமீட்டரை 6:35இல் ஓடச் சொல்லுங்கள். விரைவு எல்லை 6:25, மந்த எல்லையை அணைத்துவிடுங்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டவரை ‘மெதுவாகப் போகிறாய்’ என்று சீண்டுவதால் ஒரு பயனும் இல்லை. இதில் இழப்பது 55 நொடி. மீதி 37 கிலோமீட்டரில் பங்கு போட்டால் கிலோமீட்டருக்கு ஒன்றரை நொடி வரும், கால் உணராது. ஐந்துக்குப் பிறகு உங்கள் 6:10, 6:40ஐப் போடலாம்.

புதிதாக ஓடுகிறவரிடம் ‘உடம்பு சொல்வதைக் கேள்’ என்றால் தொடக்கத்தில் அது பொய்தான் சொல்லும். கடைசி வாரங்களில் ஓய்வெடுத்த கால், சுற்றிலும் ஆரவாரம். 5:55 ஓடினாலும் உலாவப் போவதுபோல் இருக்கும். அப்போது கூடுதலாக எரித்த சர்க்கரைக்கு 30ஆம் கிலோமீட்டருக்கு மேல் வட்டி கட்ட வேண்டிவரும்.

இன்னொன்று. மாரத்தான் பாதையை மிகக் குறுகிய கோட்டில் அளக்கிறார்கள். நாம் வளைவுகளில் விலகி ஓடுவதால் கடிகாரம் முடிவில் 42.6 காட்டக்கூடும். அப்படியானால் திரையில் 6:24 பிடித்தவர் இரண்டரை நிமிடம் பிந்துவார். அதனால் ஐந்துக்குப் பிறகு திரையில் 6:18ஐ ஒட்டி ஓடட்டும். சாலையோரப் பலகை வரும்போது நாமே பொத்தானை அழுத்திக் கிலோமீட்டரைப் பிரிப்பது இன்னும் சரி, ஆனால் களைப்பில் எல்லோருக்கும் நினைவு இருக்காது.

கோபால்:
35ஆம் கிலோமீட்டரில் ‘கதிமணி’ அடித்தால் ‘என் கதி இதுதானா’ என்று உட்கார்ந்துவிடுவேன். வேறு பாருங்கள்.

சரோஜா:
சிரிங்க, சிரிங்க. மூர்த்தி சொன்ன இரண்டு எல்லையும் எனக்குச் சம்மதம். ஆனால் ‘மந்த’ என்றால் திட்டுவதுபோல் இருக்கிறது, ‘மெது எல்லை’ ஆகாதா? பேஸுக்குக் கதியை நான் இன்னும் விடவில்லை.

தேவன்:
‘விரைவு எல்லை, மெது எல்லை’ என்று கையேட்டில் மாற்றிவிட்டேன். பேஸுக்கு இப்போதைக்குக் ‘கிலோமீட்டர் நேரம்’. கொஞ்சம் நீளம்தான், ஆனால் அத்தைக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. அதிர்வுக்கு இன்னும் சொல் கிடைக்கவில்லை. ‘எச்சரிக்கை’ என்றால் ஏதோ ஆபத்து என்று பயப்படுகிறார்கள்.