ஒரே கம்பெனி, ஆறு பதவிப் பெயர்கள்: ரெஸ்யூமில் எப்படி எழுதினீர்கள்?

மெஷின்ஷாப்காரன்

ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் 2011 ஜூலையில் டிரெய்னியாகச் சேர்ந்தேன். 2023 வரை அங்கேயேதான் இருந்தேன். முதல் தடவை வெளியே வேலை தேடியபோது ஒவ்வொரு பதவியையும் தனிப் பத்தியாக, கம்பெனி பெயரோடும் தேதியோடும் எழுதினேன். டிரெய்னி, இன்ஜினியர், சீனியர் இன்ஜினியர், லீட் ஆபரேஷன்ஸ், அசிஸ்டென்ட் மேனேஜர், டெபுடி மேனேஜர் என்று ஆறு பத்தி. 2019 ஏப்ரலில் வெளிநாட்டுப் பங்குதாரர் விலகியதால் கம்பெனி பெயரும் மாறியது. அதனால் கடைசி இரண்டு பத்தியில் வேறு பெயர்.

போனில் பேசியவர் எடுத்த எடுப்பிலேயே, "இத்தனை இடம் மாறியிருக்கிறீர்கள், எங்களிடம் எத்தனை நாள் இருப்பீர்கள்?" என்று கேட்டார். பன்னிரண்டு வருடம் ஒரே கேட் வழியாகப் போய் வந்தவன் நான். விளக்கிச் சொன்னேன், சரி என்றார். அப்புறம் அழைப்பே வரவில்லை. அந்தக் கேள்வி இன்னும் உறுத்துகிறது. ஒரே இடத்தில் வளர்ந்தவர்கள் இதை எப்படி எழுதினீர்கள்?

டெல்டாக்காரர்

நான் செய்தது ரொம்ப சுலபம். கடைசிப் பதவியை மட்டும் போட்டேன். சேர்ந்த தேதியிலிருந்து இன்றுவரை என்று ஒரே பத்தி. படிப்பவருக்குக் குழப்பமே இல்லை. இரண்டு இடத்திலிருந்து அழைப்பு வந்தது.

செல்வி_ஹெச்ஆர்

டெல்டாக்காரர் அண்ணா சொன்னதில் பாதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கம்பெனி பெயர் ஒரே தடவை, அதன் பக்கத்தில் மொத்தக் காலம். ரெஸ்யூமைக் கையில் எடுக்கும் எங்கள் கண் முதலில் போவது அங்கேதான்.

கடைசிப் பதவியை முழுக் காலத்துக்கும் போடுவதுதான் சிக்கல். ஆஃபர் கொடுத்த பிறகு பழைய கம்பெனியிடம் பதவியையும் தேதியையும் கேட்டுச் சரிபார்ப்போம். நான் பார்த்த ஒருவர் மேனேஜர் என்று பத்து வருடத்துக்குப் போட்டிருந்தார். மேனேஜர் ஆகி ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அவருக்குப் பொய் சொல்லும் எண்ணம் இல்லை, சுருக்கமாக எழுதினார், அவ்வளவுதான். ஆனாலும் சேரும் தேதி மூன்று வாரம் தள்ளிப்போனது, எங்களிடமும் அவர் பெயரில் ஒரு சந்தேகம் விழுந்தது. அதோடு, அவர் படிப்படியாக மேலே வந்ததே ரெஸ்யூமில் தெரியவில்லை.

மெஷின்ஷாப்காரன், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். லீட் ஆபரேஷன்ஸ் ஆனபோது வேலை என்ன மாறியது?

மெஷின்ஷாப்காரன்

ஒன்றுமே மாறவில்லை. 2017இல் எல்லோருக்கும் பெயர் மாற்றினார்கள். சீனியர் இன்ஜினியர்கள் எல்லோரும் லீட் ஆனோம். அதே மூன்று லைன், அதே ஆட்கள், அதே சம்பளம்.

செல்வி_ஹெச்ஆர்

அப்படியானால் அது பதவி உயர்வு இல்லை, பெயர் மாற்றம். அதைத் தனி வரியாக எழுதியதுதான் படிப்பவரைக் குழப்பியிருக்கும். லீட் என்று படித்துவிட்டு, அடுத்து அசிஸ்டென்ட் மேனேஜர் என்று பார்த்தால், வெளியே இருப்பவருக்கு நீங்கள் ஒரு படி இறங்கின மாதிரிகூடத் தோன்றும்.

ஒவ்வொரு கடிதத்தையும் எடுத்துவைத்து மூன்று விஷயம் பாருங்கள்: உங்களுக்குக் கீழே ஆள் கூடியதா, நீங்கள் பொறுப்பேற்ற இடம் பெரிதானதா, நீங்களே முடிவெடுக்கும் விஷயங்கள் கூடினவா. ஒன்றுமே மாறவில்லை என்றால் இரண்டு பெயரையும் ஒரே வரியில் சேர்த்து, பின்னால் வந்த பெயரை அடைப்புக்குறியில் போடுங்கள். சரிபார்க்கும்போது எந்தப் பெயரைச் சொன்னாலும் பொருந்தும். டிரெய்னி வருடத்தையும் இன்ஜினியர் வரியோடு சேர்த்துவிடலாம்.

நீங்கள் சொன்னதை வைத்து நான் எழுதினால் இப்படி வரும். ஆள் எண்ணிக்கை நீங்கள் திருத்திக்கொள்ளுங்கள், நான் உதாரணத்துக்குப் போட்டது.

```
இப்போதைய கம்பெனி பெயர் (2019 வரை: பழைய பெயர்), ஒரகடம்
ஜூலை 2011 – 2023

டெபுடி மேனேஜர், 2022–2023
  மெஷின்ஷாப் முழுவதும், 3 ஷிப்ட், 110 பேர்
அசிஸ்டென்ட் மேனேஜர், 2019–2022
  ஒரு ஷிப்ட், 7 லைன், 45 பேர்
சீனியர் இன்ஜினியர் (2017 முதல் லீட் ஆபரேஷன்ஸ்), 2015–2019
  3 லைன்
இன்ஜினியர் (முதல் வருடம் டிரெய்னி), 2011–2015
  ஒரு லைன், 14 பேர்
```

பதவிப் பெயர்களை மறைத்துவிட்டு இரண்டாவது வரிகளை மட்டும் கீழிருந்து மேலே படித்துப் பாருங்கள். ஒரு லைன், மூன்று லைன், ஒரு ஷிப்ட், முழு ஷாப். உங்கள் கம்பெனியில் லீட் பெரியதா அசிஸ்டென்ட் மேனேஜர் பெரியதா என்று தெரியாதவருக்கும் வளர்ச்சி புரியும். சாதனைகளை மேல் இரண்டு பதவிக்குக் கீழே விரிவாக எழுதுங்கள். கீழே உள்ளவற்றுக்கு ஒரு வரி போதும்.

ஸ்கேல்_மூன்று

எங்கள் கதை வேறு. பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, ஆபீசரான பிறகு ஸ்கேல் ஒன்று, இரண்டு, மூன்று என்று வந்தேன். வங்கிக்குள் ஸ்கேல் என்றாலே போதும். வெளியே தனியார் நிதி நிறுவனத்தில் விண்ணப்பித்தபோது அந்த எண் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. போதாக்குறைக்கு ஏழு ஊர் மாற்றல். எல்லா ஊரையும் தேதியோடு எழுதியிருந்தேன், நான்கு பதவி ஏழு வேலை போலத் தெரிந்தது. மாற்றலும் பதவி உயர்வும் ஒரே மாதிரிப் பத்தியில் இருந்தால் இதுதான் நடக்கும். இப்போது பதவி நான்கை மட்டும் வைத்து, சீனியர் மேனேஜர் (ஸ்கேல் மூன்று), கிளை மேலாளர் என்று எழுதுகிறேன். ஊர்களை ஒரே வரியில் கடைசியில் போடுகிறேன்.

நைட்ஷிப்ட்

எனக்கு ஐந்து வருடமாக ஒரே டெசிக்னேஷன்தான். எத்தனை தடவை கேட்டாலும் லெட்டர் தரமாட்டேன் என்கிறார்கள். புரமோஷன் எப்படி வாங்கினீர்கள் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ஸ்கேல்_மூன்று

தம்பி, இங்கே பேசுவது கிடைத்ததை எழுதுவது பற்றி. ஆனால் பெயர் மாறாமலே வேலை கூடியிருந்தால் அதையும் எழுதலாம். ஒரே பதவிக்குக் கீழே, 2021 முதல் இரண்டு புதியவர்களுக்குப் பயிற்சி என்று வருடம் போட்டு எழுதுங்கள். இல்லாத பதவிப் பெயரை மட்டும் நீங்களே சூட்டிக்கொள்ளாதீர்கள்.

மெஷின்ஷாப்காரன்

செல்வி மேடம் சொன்னபடி மாற்றி எழுதி நான்கு இடத்துக்கு அனுப்பினேன். ஒரு இடத்தில் விண்ணப்பப் பக்கத்தில் ரெஸ்யூமை ஏற்றியதும் கட்டங்கள் தானாக நிரம்பின. டெபுடி மேனேஜருக்கு மட்டும் கம்பெனி பெயர் வந்தது. மற்ற மூன்று பதவிக்கும் கம்பெனி கட்டம் காலி. கவனிக்காமல் அனுப்பியிருந்தால் பத்து வருடத்துக்கு மேலான அனுபவம் போயிருக்கும்.

செல்வி_ஹெச்ஆர்

ஆமாம், கம்பெனி பெயர் ஒரே தடவை இருந்தால் சில தளங்கள் முதல் பதவியோடு மட்டும் சேர்த்துக்கொள்ளும். அந்தக் கட்டங்களில் ஒவ்வொரு பதவிக்கும் கம்பெனி பெயரைத் திரும்ப எழுதியே ஆக வேண்டும், ஒரே எழுத்துக்கூட்டலில். ஆள் படிக்கும் தாளில் மட்டும் ஒரு தடவை. லிங்க்ட்இன்னில் ஒவ்வொரு பதவிக்கும் அதே கம்பெனி பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால் அதுவே ஒரு தலைப்பின் கீழ் அடுக்கிக் காட்டும். பழைய பெயரைக் கையால் தட்டச்சு செய்தால் தனியாகப் பிரிந்துவிடும்.

டெல்டாக்காரர்

எனக்குப் புதியது மேலே, பழையது கீழே என்பது இன்னும் ஒத்துவரவில்லை. வளர்ச்சியைக் கதை போலக் கீழிருந்து மேலே சொல்வதுதானே இயல்பு?

செல்வி_ஹெச்ஆர்

படிப்பவர் முதல் வரியிலேயே நின்றுவிடலாம் அண்ணா. அந்த வரி 2011 டிரெய்னியாக இருக்கக்கூடாது.

டெல்டாக்காரர்

பார்க்கலாம். என் நண்பர் ஒருவர் பழையது முதலில் என்று எழுதியே வேலை வாங்கினார்.

மெஷின்ஷாப்காரன்

ஒரு சந்தேகம் பாக்கி. 2021 ஆகஸ்டில் என் மேலதிகாரி விலகினார். ஷாப் முழுவதையும் அப்போதிருந்தே நான்தான் பார்த்தேன். டெபுடி மேனேஜர் கடிதம் வந்தது 2022 ஏப்ரலில். அந்த எட்டு மாதத்தை எந்தப் பதவியின் கீழ் எழுதுவது?

ஸ்கேல்_மூன்று

டெபுடி மேனேஜர் வரியிலேயே எழுதுங்கள், வேலை செய்தது நீங்கள்தானே. நான் பொறுப்புக் கிளை மேலாளராக இருந்த காலத்தை அப்படித்தான் சேர்த்தேன்.

செல்வி_ஹெச்ஆர்

நான் சேர்க்கமாட்டேன். அசிஸ்டென்ட் மேனேஜர் வரியின் கீழே, 2021 ஆகஸ்ட் முதல் ஷாப் முழுவதற்கும் கூடுதல் பொறுப்பு என்று எழுதுவேன். தேதி கடிதத்தோடு பொருந்தும்.

மெஷின்ஷாப்காரன்

அந்தப் பொறுப்புக்கு எழுத்தில் ஒன்றும் இல்லை, ஒரே ஒரு மெயில்தான். அதைத் தேடி எடுத்துவிட்டு வந்து எழுதுகிறேன்.