பாதி வருஷத்தில் ஸீரோ டெப் சேர்க்க விடுவார்களா?

மடிப்பாக்கம் மாருதி: 2024 ஜூலையில் வாங்கிய கார். இந்த ஜூலை 10-ல் சொந்த வண்டிச் சேதத்துக்கான ஓடி பாலிசியை மட்டும் புதுப்பித்தேன், தேய்மானம் கழிக்காமல் க்ளெய்ம் தருகிற ஸீரோ டெப் கவர் போடாமல் விட்டுவிட்டேன். மழைக்காலம் வந்துவிட்டது. இப்போது நடுவில் சேர்க்க கம்பெனிக்காரர்கள் விடுவார்களா? ஏஜென்ட் முடியாது என்கிறார்.

நாலுசக்கரம்: உங்க ஏஜென்ட்டுக்கு வேலை செய்ய சோம்பல். ஓடுகிற பாலிசியில் மாற்றத்தை எழுதிச் சேர்க்கிற எண்டார்ஸ்மென்ட் என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு எந்த கவரையும் எந்த மாதத்திலும் சேர்க்கலாம். மீதி நாளுக்குத்தான் பிரீமியம். ஒரு மெயில் போதும்.

பழைய சர்வேயர்: "எந்த கவரையும்" என்ற இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. பேர் மாற்றம், முகவரி மாற்றம், வங்கிக் கடன் குறிப்பு, காஸ் கிட், மியூசிக் சிஸ்டம் மாதிரி துணைக்கருவி, கூட வருகிறவர்களுக்கு விபத்துக் காப்பீடு, சம்பள டிரைவருக்கான பொறுப்பு... இதெல்லாம் எண்டார்ஸ்மென்ட்டில் நடுவில் ஏறும். ஸீரோ டெப் ஏறாது. இன்ஜின் புரொடெக்ட் ஏறாது. வண்டி முழுசாகப் போனால் வாங்கின விலையைத் தருகிற ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் ஏறாது. பெரும்பாலான கம்பெனிகள் இந்த மூன்றையும் பாலிசி தொடங்கும்போதோ புதுப்பிக்கும்போதோதான் தருகின்றன.

காரணம் ரொம்ப எளிது. அக்டோபர் வரைக்கும் சும்மா இருந்துவிட்டு, வானிலை மையம் சிவப்பு எச்சரிக்கை விட்ட அன்று எல்லாரும் இன்ஜின் கவர் கேட்டு வந்தால், வாங்குகிறவர்கள் பூராவும் தண்ணி தேங்குகிற தெருக்காரர்களாகத்தான் இருப்பார்கள். அந்த விலைக்கு எவனாலும் விற்க முடியாது.

நாலுசக்கரம்: காஸ் கிட் சேர்க்கலாம் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதுவும் கூடுதல் கவர்தானே? அப்போ நான் சொன்னது சரி. எண்டார்ஸ்மென்ட்டில் சேர்க்கலாம்.

பழைய சர்வேயர்: காஸ் கிட் என்பது வண்டியில் புதிதாக ஏறிய ஒரு பொருள். ஆர்டிஓவில் ஆர்சியில் ஏற்றி, அந்த நகலைக் கொடுத்தால் கிட் மதிப்பில் பொதுவாக 4 சதவீதம், தேர்ட் பார்ட்டிக்கு 60 ரூபாய் என்று கணக்குப் போட்டு ஏற்றிவிடுவார்கள். ஸீரோ டெப்பில் புதிதாக எந்தப் பொருளும் ஏறவில்லை. அதே வண்டிக்கு, அதே பம்பருக்குத் தருகிற தொகையைத்தான் மாற்றச் சொல்கிறீர்கள். ஸீரோ டெப் சேர்த்த எண்டார்ஸ்மென்ட் ஒன்றைக் காட்டுங்கள், பேசலாம்.

அண்ணாநகர் அம்பாசிடர்: இரண்டு பேருமே தப்பு. 30 நாள் ஃப்ரீ லுக் இருக்கிறது. பாலிசி வாங்கி 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வாங்கலாம்.

பழைய சர்வேயர்: அது ஆயுள் காப்பீட்டுக்கும் மருத்துவக் காப்பீட்டுக்கும், ஐயா. மோட்டாரில் அந்த வசதி கிடையாது. அவருக்கு ஜூலையிலேயே பாலிசி தொடங்கிவிட்டது, 30 நாளும் எப்போதோ முடிந்துவிட்டது.

அண்ணாநகர் அம்பாசிடர்: 30 நாள் என்று நான் படித்தேன்.

கோவை கேரேஜ்: கேள்வி கேட்டவருக்கு ஒரு விஷயம். மழைக்கு ஸீரோ டெப் சேர்க்கிறேன் என்கிறீர்கள். தண்ணிக்குள் இன்ஜின் போனால் ஸீரோ டெப் உங்களைக் காப்பாற்றாது. பம்பர், ஹெட்லைட், ஃபெண்டர் இதற்குத்தான் அது. இன்ஜினுக்குள் தண்ணி இழுத்து கனெக்டிங் ராடு வளைந்தால் அதற்கு இன்ஜின் புரொடெக்ட் வேண்டும். அது இருந்தாலும் முழங்கால் தண்ணியில் நின்ற வண்டியை மறுபடி சாவி போட்டுத் திருப்பினால் க்ளெய்மில் தகராறுதான்.

நாலுசக்கரம்: அதையும் எண்டார்ஸ்மென்ட்டில் சேர்த்துக்கொள்ளலாம். என்னிடம் ஒரு பிரபல கம்பெனியின் ஆப் இருக்கிறது. பாலிசிக்குக் கீழே "கவர் சேர்" என்று பொத்தானே இருக்கிறது. பொத்தான் பொய் சொல்லுமா?

பழைய சர்வேயர்: அதை அழுத்திப் பார்த்தீர்களா? என்ன வருகிறது?

நாலுசக்கரம்: ரோட்சைட் அசிஸ்டன்ஸ் வருகிறது. அதுவும் கவர்தான்.

பழைய சர்வேயர்: டயர் பஞ்சரானால் ஆள் அனுப்புகிற சேவை அது. தனியாகவே கடையில் கிடைக்கும். இதை வைத்துக்கொண்டா "எந்த கவரையும்"?

கணக்குப்புள்ள: சண்டை ஓயாது போல. மடிப்பாக்கம்காரருக்கு ஒரு வழி இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. இருக்கிற ஓடி பாலிசியை ரத்து செய்துவிட்டு, ஸீரோ டெப்போடு புது ஓடி பாலிசி எடுப்பது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024 ஜூனில் விட்ட சுற்றறிக்கைப்படி எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம், காரணம் கேட்கக்கூடாது, ஒரு வருஷ பாலிசியில் க்ளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால் மீதி நாளுக்கான பணம் திரும்ப வரும்.

நாலுசக்கரம்: பார்த்தீர்களா! நடுவில் சேர்க்க வழி இருக்கிறது!

பழைய சர்வேயர்: அது சேர்ப்பது இல்லை, மாற்றுவது. ஆனால் வழி சரியான வழி. அவர் கார் 2024 ஜூலை என்பதால் தேர்ட் பார்ட்டி மூன்று வருஷம் ஒரே தடவையில் கட்டியிருப்பார், 2027 ஜூலை வரை அது ஓடும். அதைத் தொடவே வேண்டாம். ஓடியை மட்டும் மாற்றினால் போதும்.

கணக்கு போடலாம். ஓடி பிரீமியம் ஜிஎஸ்டி நீங்கலாக 8,760 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம், அதாவது நாளுக்கு 24. ஜூலை 10 முதல் நவம்பர் 6 வரை 120 நாள் ஓடிவிட்டது. மீதி 245 நாளுக்கு 5,880 திரும்ப வரும். புது பாலிசி நவம்பர் 7-ல் தொடங்கி அடுத்த நவம்பர் 6 வரை முழு வருஷம் ஓடும், ஆகவே அதற்குக் கட்டுகிற பணம் வீண் இல்லை. கையை விட்டுப் போவது க்ளெய்ம் வாங்காததற்குத் தருகிற என்சிபி தள்ளுபடியின் நகர்வுதான். இப்போது 20 சதவீதத்தில் இருப்பார், க்ளெய்ம் இல்லாமல் போனால் அடுத்த ஜூலையில் 25 ஆகியிருக்கும். இடையில் ரத்து செய்தால் இந்த 120 நாள் கணக்கில் சேராது, 25 சதவீதம் நவம்பருக்குத் தள்ளிப்போகும். தள்ளுபடிக்கு முந்தைய ஓடி 10,950. அதில் 5 சதவீதம் 547 ரூபாய் 50 காசு, 120 நாளுக்கு 180 ரூபாய். ஸீரோ டெப்பின் விலைக்கு மேல் இவருக்கு ஆகிற நஷ்டம் இந்த முதல் வருஷத்தில் அவ்வளவுதான்.

எதிர்ப்பக்கம் பாருங்கள். இரண்டு வருஷத்துக்குள் இருக்கிற காரில் உலோகப் பாகத்துக்கு 10 சதவீதம்தான் தேய்மானம் பிடிப்பார்கள். ஆனால் பிளாஸ்டிக், ரப்பருக்கு வண்டி வயசு பார்க்காமல் 50. 9,000 ரூபாய் பம்பர் மாற்றினால் 4,500 உங்கள் பாக்கெட்டில் இருந்து. பம்பர் இல்லாமல் எந்த இடியும் நடப்பதில்லை.

மடிப்பாக்கம் மாருதி: ரொம்ப நன்றி சார். அப்போ இன்றைக்கே ரத்துக்கு மெயில் போடட்டுமா?

பழைய சர்வேயர்: வேண்டவே வேண்டாம். புதுசு கைக்கு வந்த பிறகுதான் பழசை விட வேண்டும். பழைய பாலிசியில் ஸீரோ டெப் இல்லை என்றால் புதுக் கம்பெனி பொதுவாக வண்டியைப் பார்க்கக் கேட்கும். ஃபோனுக்கு லிங்க் வரும், சுற்றி வீடியோ எடுத்து சேஸிஸ் நம்பரும் காட்ட வேண்டும். அதில் ஒரு பழைய ஒடுக்கு தெரிந்தால் அந்த பேனலை விலக்கிவிட்டுத் தருவார்கள், இல்லை முடியாது என்பார்கள். ரத்து செய்துவிட்டு இந்தப் பதில் வந்தால் வண்டி ஓடி இல்லாமல் நிற்கும். ஒப்புதல் வாங்கி, பணம் கட்டி, தொடக்கத் தேதி அச்சான பாலிசி வந்த பிறகு, அதே தேதியில் இருந்து ரத்து என்று பழைய கம்பெனிக்கு எழுதுங்கள். என்சிபி கடிதமும் அதே மெயிலில் கேளுங்கள். கடன் இருந்தால் வங்கிக்கு ஒரு நகல்.

இன்னொன்று. இணையத்தில் வாங்கும்போது "பழைய பாலிசியில் ஸீரோ டெப் இருந்ததா" என்று கேட்கும். ஆமாம் என்று டிக் அடித்தால் இன்ஸ்பெக்‌ஷன் இல்லாமல் பாலிசி கையில் வந்துவிடும். க்ளெய்ம் வரும்போது பழைய பாலிசியை எடுத்துப் பார்ப்பார்கள். அன்றைக்குத் தெரியும் அந்த டிக்கின் விலை.

திருச்சி டர்போ: எனக்கும் இதே வேலை ஆக வேண்டும். கார் ஆறு வருஷம், ஓடியும் தேர்ட் பார்ட்டியும் சேர்ந்த ஒரே பேக்கேஜ். வேறு கம்பெனியில் ஸீரோ டெப்போடு பேக்கேஜ் எடுத்து பழைய கம்பெனிக்கு அனுப்பினேன். ரத்து செய்ய மாட்டோம், புதுசை ரத்து செய்துகொள்ளுங்கள் என்று பதில் வந்திருக்கிறது. இது என்ன நியாயம்?

பழைய சர்வேயர்: மோட்டார் காப்பீட்டுக்கான பழைய விதித் தொகுப்பான மோட்டார் டாரிஃபில் அப்படித்தான் இருக்கிறது. ஒரே வண்டிக்கு இரண்டு பாலிசி இருந்தால் பின்னால் தொடங்கியதைத்தான் ரத்து செய்ய வேண்டும் என்று. அந்த வரியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார்கள்.

கணக்குப்புள்ள: அது இரட்டைக் காப்பீட்டுக்கான விதி. இவர் தன் விருப்பத்தில் ரத்து கேட்கிறார், 2024 சுற்றறிக்கை அதற்குத்தான். தேர்ட் பார்ட்டி விட்டுப்போகவில்லை என்பதற்குப் புது பாலிசியே சாட்சி. குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதச் சொல்லுங்கள். 2002 டாரிஃபை இன்னும் எத்தனை வருஷம் தூக்கிக்கொண்டு திரிவீர்கள்?

பழைய சர்வேயர்: தேய்மான அட்டவணை உட்பட நாம் பேசுகிற பாதி அதிலிருந்து வந்ததுதான். வேண்டாத வரியை மட்டும் குப்பையில் போட முடியாது. இரண்டு பாலிசியும் "சமமான கவர்" உள்ளவையா என்பதுதான் கேள்வி. ஒன்றில் ஸீரோ டெப் இருக்கிறது, ஒன்றில் இல்லை. அதை எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

கணக்குப்புள்ள: நான் சொன்னதையே வேறு வழியில் சொல்கிறீர்கள்.

பழைய சர்வேயர்: இல்லை. நீங்கள் சுற்றறிக்கையை வைத்துக் கேட்கச் சொல்கிறீர்கள், நான் டாரிஃபை வைத்தே மடக்கச் சொல்கிறேன்.

திருச்சி டர்போ: இப்போது நான் எதை எழுதட்டும்?

நாலுசக்கரம்: ஒன்றும் வேண்டாம், எண்டார்ஸ்மென்ட் கேளுங்கள். ரோட்சைட் அசிஸ்டன்ஸ் ஏறுகிறது என்றால் ஸீரோ டெப்பும் ஏறும்.

கோவை கேரேஜ்: போன மாதம் டயர் பிரஷர் திரியிலும் இவர் இப்படித்தான், மேனுவல் பக்கத்தையே படம் எடுத்துப் போட்டும் 40 என்றுதான் நின்றார்.

நாலுசக்கரம்: 40 தான். முழு லோடுக்கு என்று நான் சொன்னதை நீங்கள் படிக்கவில்லை.

கோவை கேரேஜ்: முழு லோடு என்று கடைசிப் பதிவில்தான் சேர்த்தீர்கள்.

பழைய சர்வேயர்: அதுவும் நடுவில் சேர்த்த எண்டார்ஸ்மென்ட்தான் போல. ஸீரோ டெப் எண்டார்ஸ்மென்ட் நகல் இன்னும் வரவில்லை.

நாலுசக்கரம்: தேடிக்கொண்டிருக்கிறேன். என் மச்சானிடம் இருக்கிறது.