வெள்ளைக் கருவை மட்டும் வைத்துச் செய்த பட்டர் கேக் ரப்பர் போல ஆகிவிட்டது. எங்கே தப்பு?

மேகலா, திருச்சி:

வணக்கம். ஆறேழு வருடமாக ஒரே அளவில்தான் பட்டர் கேக் செய்கிறேன். உப்பில்லாத வெண்ணெய், பொடித்த சர்க்கரை, மைதா மூன்றும் 250 கிராம், முட்டை 5, பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், வெனிலா. ஓடிஜியில் 170 டிகிரி, 50 நிமிடம். இதுவரை சொதப்பியதில்லை.

வீட்டுக்காரருக்குக் கொழுப்பு அதிகம் என்று மஞ்சள் கருவைத் தவிர்க்கச் சொல்லிவிட்டார்கள். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கருவை மட்டும் போட்டேன். 5 முட்டை உடைத்தால் 250 கிராம் வரும் என்று கணக்குப் போட்டு, 8 முட்டையின் வெள்ளையை அளந்தேன், 250-ஐத் தொட்டது. மற்ற எதையும் மாற்றவில்லை.

மூன்றாவது வெள்ளையை ஊற்றும்போதே வெண்ணெய் திரிந்து ரவை ரவையாகப் பிரிந்துவிட்டது. மைதா போட்டதும் சேர்ந்துகொண்டது, சரி என்று ஓவனில் வைத்தேன். நன்றாகத்தான் எழும்பியது. ஆறியதும் ஓரத்தை விட்டு உள்ளே சுருங்கியது. வெட்டினால் ரப்பர். விரலால் அமுக்கினால் பந்து மாதிரி திரும்பி வருகிறது. உள்ளே கீழிருந்து மேலாகப் புழு போன பாதை போல நீள நீளமான ஓட்டைகள். மறுநாள் தொண்டையை அடைக்கும் அளவு வறட்சி.

மஞ்சள் இல்லாவிட்டால் மணமும் நிறமும் குறையும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். வேறு என்ன போய்விட்டது?

சமையல் சரவணன்:

வெள்ளையில் புரதம் அதிகம், அதனால்தான் ரப்பர். வெள்ளையைத் தனியாக நுரை பொங்க அடித்து, கடைசியில் கரண்டியால் மெதுவாகக் கலந்திருக்க வேண்டும். அப்படியே ஊற்றினால் இப்படித்தான். அடுத்த முறை நுரைக்க அடித்துப் பாருங்கள் அக்கா, எல்லாம் சரியாகிவிடும்.

துளசி மாடம்:

முட்டை வேண்டாம் என்றால் எதற்கு இவ்வளவு சிரமம்? ஒரு கப் தயிரில் அரை டீஸ்பூன் சமையல் சோடா போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள், பொங்கும். அதை மைதாவில் கலந்தால் முட்டை இல்லாத கேக் தயார். எங்கள் வீட்டில் விரத நாளில்கூட செய்வோம்.

மேகலா, திருச்சி:

துளசி அக்கா, எங்கள் வீட்டில் முட்டை சாப்பிடுவோம், மஞ்சள் மட்டும்தான் பிரச்சினை. தயிர் கேக் இன்னொரு நாள் செய்து பார்க்கிறேன், நன்றி.

பழைய பேக்கரிக்காரன், கோவை:

மேகலா, இரண்டு கேள்வி. வெள்ளையைப் பிரித்தபோது முட்டை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சூட்டோடு, அதாவது குளிரோடு, இருந்ததா? வழக்கமான 50 நிமிடத்துக்கு மேல் ஓவனில் வைத்தீர்களா?

மேகலா, திருச்சி:

ஆமாம் அண்ணா. குளிர்ந்த முட்டையில்தான் மஞ்சள் உடையாமல் பிரியும் என்று ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் பிரித்து, உடனே ஊற்றினேன். மேலே நிறமே வரவில்லை என்று இன்னும் பத்து நிமிடம் விட்டதும் உண்மை.

பழைய பேக்கரிக்காரன், கோவை:

நினைத்தேன். அப்படியானால் தப்பு மூன்று இடத்தில் நடந்திருக்கிறது. முதலில் பெரியது.

ஓடு நீக்கிய 50 கிராம் முட்டையில் வெள்ளை ஏறக்குறைய 32, மஞ்சள் 18 கிராம். வெள்ளையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், மீதி பெரும்பாலும் புரதம், கொழுப்பு கிடையாது. மஞ்சளில் பாதிதான் தண்ணீர். கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. எடைக்கு எடை பார்த்தால் புரதம்கூட மஞ்சளில்தான் அதிகம். சரவணன் தம்பி சொன்னது அந்த இடத்தில் சரியில்லை. ஆனால் மஞ்சளின் புரதம் கொழுப்போடு பின்னிக்கிடப்பதால் வெந்தாலும் மெத்தென்று உதிரும். வெள்ளை வெந்தால் இழுவையாக இறுகும். அவித்த முட்டையைக் கடித்தால் தெரிந்துவிடும், மஞ்சள் பொடிந்துபோகும், வெள்ளை பல்லுக்குத் தாக்குப்பிடிக்கும். உங்கள் கேக்கிலும் அதுதான் நடந்தது.

நீங்கள் எடையைச் சமன் செய்தீர்கள், உள்ளே இருந்த சரக்கு மாறிவிட்டது. ஐந்து மஞ்சளோடு 25 கிராமுக்கு மேல் கொழுப்பு போனது, தண்ணீர் சுமார் 30 கிராம் கூடியது. கொழுப்பு குறைந்து தண்ணீர் கூடினால் மைதாவின் பசை இன்னும் முறுக்கேறும். அதாவது கேக்கைக் கட்டிப்பிடிக்கும் ஆள் இரண்டானார், தளர்த்தும் ஆள் குறைந்தார்.

அடுத்து, திரிந்தது. வெண்ணெயையும் சர்க்கரையையும் நுரைக்க அடிக்கும்போது வெண்ணெய்க்குள் லட்சக்கணக்கில் காற்றுக் குமிழ் மாட்டிக்கொள்கிறது. பட்டர் கேக் எழும்புவதற்கு அடித்தளம் அதுதான். பேக்கிங் பவுடர் புதுக் குமிழ் போடுவதில்லை, இருக்கிற குமிழை ஊதிப் பெரிதாக்கும். முட்டையின் தண்ணீர் ஆவியாகி இன்னும் ஊதும். அப்புறம் முட்டைப் புரதம் வெந்து, ஊதிய சுவரை அப்படியே நிறுத்தும். ஆனால் 250 கிராம் வெண்ணெய்க்குள் ஏறக்குறைய அதே அளவு தண்ணீரை நுழைத்துப் பிடித்து வைக்க ஓர் இடைத்தரகர் வேண்டும். அது மஞ்சளில் இருக்கும் லெசித்தின். அதையும் எடுத்துவிட்டு, ஃப்ரிட்ஜ் குளிரில் வெள்ளையை ஊற்றினால் வெண்ணெய் கெட்டியாகி உதறிவிடும். திரிந்த கலவையில் குமிழ் பாதி உடைந்துவிடும். மைதா போட்டதும் சேர்ந்ததுபோலத் தெரிந்தது கண்ணுக்குத்தான். மைதா தண்ணீரைக் குடித்துக்கொண்டது, வெண்ணெய் தனியாகவே கிடந்தது. சேரட்டும் என்று கொஞ்சம் அதிகமாக அடித்திருப்பீர்கள், அந்தப் புழுப் பாதைக்குக் காரணம் அது.

மூன்றாவது, நிறம். பொன்னிறத்தில் ஒரு பங்கு மஞ்சளிலிருந்து வருவது. அது இல்லாத கேக் வெந்த பிறகும் வெளுப்பாகத்தான் இருக்கும். நிறத்துக்காகக் காத்திருந்தால் உலர்ந்துபோகும். நடுவில் குச்சி சுத்தமாக வந்ததும் எடுத்துவிடுங்கள்.

சரவணன் சொன்னபடி நுரைத்து மடித்தால் உயரம் கிடைக்கும், ஓட்டை குறையும். ஆனால் ரப்பர் போகாது. கொழுப்பு திரும்பி வராதே.

இப்படிச் செய்து பாருங்கள். 7 முட்டையின் வெள்ளை (220 கிராம்), அதோடு மணமில்லாத எண்ணெய் 30 கிராம். மொத்தம் அதே 250. எண்ணெயை வெண்ணெயோடு சேர்த்தே அடித்துவிடுங்கள். வெள்ளை அறைச் சூட்டில் இருக்கட்டும், ஏழெட்டு தடவையாக ஊற்றுங்கள், மூன்றாவது தடவையிலிருந்து ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்பூன் மைதா சேருங்கள். திருச்சி வெயிலில் வெண்ணெய் உருகி வழிந்தாலும் குமிழ் நிற்காது. விரல் அமுங்க வேண்டும், பளபளக்கக் கூடாது. மருத்துவர் கொஞ்சம் மஞ்சளுக்கு இடம் கொடுத்தால் முழு முட்டை 3, வெள்ளை 3 போடுங்கள். அது இன்னும் நன்றாக வரும்.

கறிவேப்பிலை:

குறுக்கே பேசுவதற்கு மன்னிக்கவும். ஐந்து மஞ்சளை எடுத்துவிட்டுக் கால் கிலோ வெண்ணெயை அப்படியே விட்டிருக்கிறீர்களே! நிறைகொழுப்பு முழுக்க அங்கேதானே இருக்கிறது?

மேகலா, திருச்சி:

சிரிப்பு வருகிறது, ஆனால் நியாயம். அவருக்கு ஒரு துண்டுதான், மீதி நாங்கள்.

நாட்டுக்கோழி நாகு:

எனக்கு நேர் எதிர். எங்கள் வீட்டுக் கோழி முட்டை 5 போட்டு இதே அளவில் செய்தேன். மெத்தென்று இருந்தது, ஆனால் துண்டு போட்டால் கையில் நிற்காமல் உதிர்ந்துபோனது. கரண்டியால்தான் சாப்பிட்டோம். நாட்டு முட்டையில் மஞ்சள் அதிகம் என்பதாலா?

பழைய பேக்கரிக்காரன், கோவை:

எடை போட்டீர்களா நாகு? நாட்டு முட்டை பல சமயம் ஓடில்லாமல் 35, 40 கிராம்தான் தேறும். ஐந்து போட்டால் 190 கிராம். வெண்ணெய் 250 இருக்கும்போது பிடித்து நிறுத்த ஆள் பற்றவில்லை. பட்டர் கேக்கில் முட்டை குறைந்தது வெண்ணெய் எடைக்குச் சமமாகவாவது இருக்க வேண்டும் என்பது பேக்கரியில் பழைய கணக்கு. ஆறு, ஏழு முட்டை போட்டு 250-க்குக் கொண்டு வாருங்கள். மேகலாவுக்குப் பிடி அதிகம், உங்களுக்குப் பிடி குறைவு.

யாழினி, யாழ்ப்பாணம்:

மேகலா, மிஞ்சின எட்டு மஞ்சள் கருவை என்ன செய்தீர்கள்? எங்கட பக்கத்தில் நத்தாருக்கு லவ் கேக் செய்வோம். ரவை, கஜு, பட்டர், சீனி, அதோட நிறைய மஞ்சள் கரு. வெள்ளைக் கரு கொஞ்சம்தான், அதையும் நுரைக்க அடித்துக் கடைசியில் சேர்ப்போம். மேலே மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். நாள் கழித்துச் சாப்பிட்டாலும் காயாது. நீங்கள் செய்ததைத் தலைகீழாகச் செய்தால் அதுதான்!

மேகலா, திருச்சி:

பிள்ளைகளுக்குக் கஸ்டர்ட் செய்துகொடுத்துவிட்டேன் அக்கா. லவ் கேக் கேட்கவே நன்றாக இருக்கிறது.

மேகலா, திருச்சி (பத்து நாள் கழித்து):

அண்ணா, இரண்டையும் பாதி அளவில் செய்தேன், இரண்டும் 35 நிமிடம்.

வெள்ளையும் எண்ணெயும் போட்டது: ஒரே ஒரு முறை லேசாகத் திரியப் பார்த்தது, மைதா ஒரு ஸ்பூன் போட்டதும் நின்றது. ரப்பர் இல்லை, சுருங்கவும் இல்லை. வெளுப்பாக இருந்தது, குச்சி சுத்தமாக வந்ததும் எடுத்துவிட்டேன். ஓட்டை இன்னும் இரண்டு மூன்று இருக்கிறது. வாசனை குறைவுதான், வெனிலாவைக் கூட்ட வேண்டும்.

முட்டையும் வெள்ளையும் பாதிப்பாதி போட்டது: பழைய கேக்குக்கும் இதற்கும் என் மாமியாருக்கே வித்தியாசம் தெரியவில்லை.

ஒன்றுதான் புரியவில்லை. எண்ணெய் போட்டது முதல் நாள் மெத்தென்று இருந்தது. மூன்றாம் நாள் பாதிப்பாதி போட்டதைவிட வறண்டிருந்தது. தண்ணீர் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானே?

சமையல் சரவணன்:

எண்ணெய் போட்ட கேக் காயாது என்பார்களே. டப்பா சரியாக மூடவில்லையோ?

பழைய பேக்கரிக்காரன், கோவை:

இரண்டையும் ஒரே டப்பாவில் வைத்தீர்களா என்று பார்க்க வேண்டும். கேக்கில் ஈரம் என்று நாக்கு சொல்வது தண்ணீர் மட்டும் இல்லை, கொழுப்பு சிறு துளியாகப் பரவியிருக்கும் விதமும் அதில் சேரும். மஞ்சள் அதைச் செய்கிறது, வெறும் எண்ணெய் அந்த அளவு செய்வதில்லை. என் ஊகம் அவ்வளவுதான். நானே வெள்ளைக் கரு கேக்கை மூன்று நாள் கடையில் வைத்து விற்றதில்லை, அன்றன்றே தீர்ந்துவிடும்.

ஓட்டைக்கு மட்டும் சொல்கிறேன். மைதா சேர்க்கும்போது பீட்டரை வைத்துவிட்டுக் கரண்டியை எடுங்கள். மாவு கண்ணில் மறைந்ததும் நிறுத்துங்கள்.

மேகலா, திருச்சி:

வேறு வேறு டப்பா அண்ணா. ஒன்று எவர்சில்வர், ஒன்று பிளாஸ்டிக். அடுத்த ஞாயிறு ஒரே டப்பாவில் வைத்துப் பார்க்கிறேன்.