பொருள்: இரண்டு ஷிப்டுக்கு நடுவே விடவேண்டிய ஓய்வுக்கு என்ன சொல்?

பல்லடத்திலிருந்து:
வணக்கம். நூற்பாலை ஒன்றின் ஷிப்ட் பட்டியல் செயலியைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஒரு ஷிப்ட் முடித்தவரை அடுத்ததில் ஏற்றும் முன் குறைந்தது எத்தனை மணி நேரம் விடவேண்டும் என்று கேட்கும் கட்டம் ஒன்று உண்டு. 'பணியிடை ஓய்வு' என்று வைத்தேன். மேஸ்திரி அதைச் சாப்பாட்டு நேரம் என்று நினைத்து 30 நிமிடம் போட்டுவிட்டார். வேறு சொல் வேண்டும்.

திருப்பூரிலிருந்து:
ஒரே ஆளுக்கு இரண்டு ஷிப்ட் ஒரே நேரத்தில் விழாமல் பார்த்தால் சரிதானே? 'மோதல் தவிர்ப்பு' என்று வையுங்கள்.

ஈரோட்டிலிருந்து:
அது பாதிதாங்க. அரைநைட் இரவு 12 மணிக்கு முடிகிறது, மறுநாள் பகல் ஷிப்ட் காலை 8 மணிக்கு. மோதலே இல்லை, ஆனால் நடுவே 8 மணி நேரம்தான். மில் பஸ்ஸில் போக ஒரு மணி, வர ஒரு மணி, குளியல், சாப்பாடு எல்லாம் கழித்தால் தூக்கம் ஐந்து மணிகூடத் தேறாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003 வேலைநேர ஆணை ஒவ்வொரு 24 மணியிலும் தொடர்ந்து 11 மணி ஓய்வு கேட்கிறது. நம் 1948 தொழிற்சாலைச் சட்டம் பெண்களுக்கு ஷிப்ட் மாற்றத்தை விடுமுறைக்குப் பிறகுதான் செய்யவேண்டும் என்றது.

சுற்றும் திசையும் முக்கியம். பகல், அரைநைட், முழுநைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் லீவு இல்லாமலே ஒவ்வொரு மாற்றத்திலும் 24 மணி கிடைக்கும். திருப்பிச் சுற்றினால் அதே 8 மணி. எக்செல் தாளில் சோதிக்க, C-யில் தொடக்கம், D-யில் முடிவு, இரண்டும் தேதியோடு:

```
=(C3-D2)*24
```

மாதத்துக்கு ஒரு தாள் வைப்பவர்கள் 1-ம் தேதியில் ஏமாறுவார்கள். முந்தின மாதக் கடைசி இரவு அந்தத் தாளில் இருக்காது.

சொல்லுக்கு வருகிறேன். வாய்க்காலில் முறைத்தண்ணீர் விடுகிற ஊர் நம்முடையது. ஷிப்டை 'முறை' என்றால் என்ன? 'முறையிடை ஓய்வு'.

கோவையிலிருந்து:
நான் நர்ஸ். எங்களுக்குப் பட்டியலில் நைட் 8 மணிக்கு முடியும், நோயாளிகளை ஒப்படைத்துக் கிளம்ப ஒன்பதரை. அந்த ஒன்றரை மணியை யார் கணக்கில் எடுக்கிறார்கள்? அண்ணா, D-யில் பட்டியல் நேரத்தைப் போடாமல் கைரேகை நேரத்தைப் போடுங்கள். 'முறையிடை' என்றதும் எனக்கு முறையிடத்தான் தோன்றுகிறது!

பல்லடத்திலிருந்து:
அக்கா சொன்னது சரி. பட்டியல் போடும்போது கைரேகை நேரம் இருக்காது, அதனால் சோதனையை இரண்டு முறை ஓட்டவேண்டும்: போடும்போது ஒன்று, ஓவர்டைம் பதிந்தபின் ஒன்று.

சொல் 'முறைக்கிடை ஓய்வு' என்று வைக்கிறேன். மேஸ்திரிக்காகத் திரையில் 'முந்தின ஷிப்ட் முடிந்தபின் ஓய்வு, மணியில்' என்றே இருக்கட்டும். ஓய்வு போதாமல் ஒட்டி விழுகிற ஷிப்டுக்கு 'ஒட்டுமுறை' சரிவருமா?

திருப்பூரிலிருந்து:
ஒட்டு என்றால் எங்கள் பக்கம் மாமரம்தான் ஞாபகம் வரும். 'நெருக்குமுறை'?