ஹாட்ஸ்பாட்: 2.4 கிகாஹெர்ட்ஸா, 5 கிகாஹெர்ட்ஸா?

வேளச்சேரியில் நெருக்கமான அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்துகொண்டு, ஆண்ட்ராய்டு 14 கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் விண்டோஸ் 11 மடிக்கணினியை இணைத்து மூன்று வாரங்களாக வேலை செய்கிறேன்.

மேசையில் கைப்பேசிக்கு 60 எம்பிபிஎஸ் வருகிறது. ஆனால் 2.4 கிகாஹெர்ட்ஸில் மடிக்கணினிக்கு 12தான் கிடைக்கிறது. அக்கம்பக்கத்து வைஃபை நெரிசலோடு என் புளூடூத் ஹெட்போனும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது, அதை அணைத்தால் 20 வரை ஏறுகிறது. 5 கிகாஹெர்ட்ஸில் 55 கிடைக்கிறது.

பேட்டரிதான் சிக்கல். மேசையருகே மொபைல் சிக்னல் ஒரே கோடு என்பதால், ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு 5 கிகாஹெர்ட்ஸில் 22 சதவீதமும் 2.4-இல் 20 சதவீதமும் கைப்பேசியில் குறைகின்றன. மடிக்கணினியில் வேறுபாடே இல்லை. சிக்னல் நன்றாக உள்ள பக்கத்து அறைச் சன்னலோரம் வைத்தால் 12 சதவீதம்தான் போகிறது, ஆனால் இடையிலுள்ள கான்கிரீட் சுவரால் 5 கிகாஹெர்ட்ஸ் இணைப்பு அடிக்கடி அறுந்துவிடுகிறது.

கைப்பேசியைச் சன்னலோரத்திலேயே வைத்து, சுவருக்கு இப்பால் மடிக்கணினிக்குச் சீரான வேகம் பெற என்ன வழி?